குகைக்கு மூன்று லூப்

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் மேசைமேல் கிடந்த என் போனைப் பார்த்தார். நான் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பூட்டிய திரையில் செய்தியின் முதல் நாலைந்து வரிதான் தெரியும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இருட்டு. ஈரம். முதலில் மூச்சு மட்டும் கேட்கட்டும். அவள் உள்ளே போகப் போக நெருக்கம் கூடவேண்டும். கடைசியில் துடிப்பு. நிறுத்தவே கூடாது..."

அனுப்பியவர், நாங்கள் குடியிருந்த மலையாள நகரத்தின் ஓரம் கழக்கூட்டம் என்ற இடத்தில் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் இயக்குநர். நான் நகரத்துக்குள் ஆரியசாலையில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு அவர்களுக்கு இசை செய்துகொடுத்தேன். அடுத்தது குகைக் கட்டம். கதாநாயகி ஒருத்தி தனியாகக் குகைக்குள் போகிறாள்.

"ஏட்டி, எவன் இவன்?"

கரண்டியோடு திரும்பினேன். சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அது புதிதில்லை. "கேமுக்கு மியூசிக் கேட்டிருக்காருங்க, முழுசா படிங்க" என்றேன்.

"இருட்டுல என்னட்டி கேமு?"

என் முடியைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனார். சாலை பஜாரில் கடை வைத்து இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கிப் பழகிய கை. கீபோர்டை ஸ்டாண்டிலிருந்து உருவி என் தலைக்கு ஓங்கினார். இடது கையை மேலே கொடுத்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கட்டைகள் தெறித்துத் தரையெல்லாம் சிதறின. மிச்சத்தைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, என் போனை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். ஒரு தடவை என்னை அந்த ஆபீஸ் வாசலில் அவரே இறக்கிவிட்டிருந்தார். எங்கே போகிறார் என்று புரிந்தது.

எச்சரிக்கலாம் என்றால் எண் மனப்பாடமில்லை. கையைத் துப்பட்டாவில் தூக்கிக் கட்டி ஆட்டோ பிடித்தேன். நெடுஞ்சாலை முழுக்க வண்டி அடைத்துக் கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் கண் இருண்டது. அவன் இயக்குநரைக் கொன்றுவிடுவான் என்பது மட்டுமே மனதில் ஓடியது. கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக என் கணவரை 'அவன்' என்று நினைத்தேன்.

நான் ஆபீஸ் படியேறும்போது அங்கே வேலை செய்யும் இரண்டு பேர் அவனைத் தரையில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஹெல்மெட்டால் அடித்திருக்கிறான். மானிட்டர் பிளந்து கிடந்தது. இயக்குநர் நெற்றியில் துண்டை அழுத்தியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு. என் கையைப் பார்த்துவிட்டு, "என்னாலயா?" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்தச் செய்தியை முழுசாகப் படிக்கச் சொன்னார். இயக்குநர் படித்துப் படித்து மலையாளத்தில் விளக்கினார். மூன்று லூப் வேண்டும், அதாவது விடாமல் திரும்பத் திரும்ப ஓடும் மூன்று இசைத்துண்டு. மூன்றும் ஒரே வேகம், ஒரே நீளம், ஒன்றாகவே ஓடும். ஆட்டக்காரர் குகைக்குள் நுழைந்ததும் மூச்சு மாதிரியான முதல் லூப் மட்டும் கேட்கும். ஆழம் போகப் போக இரண்டாவதன் ஒலி கூடும். குகைக்குள் இருக்கும் மிருகம் கதாநாயகியைக் கண்டுவிட்டால் மூன்றாவது, முரசு. மெட்டு வேண்டாம், திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்கும். லூப் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் 'டக்' என்று கேட்கக் கூடாது. கடைசியில் மிஞ்சும் எதிரொலியைத் தொடக்கத்தின்மேல் ஏற்றிவிட வேண்டும். எம்பி3 வேண்டாம், முனையில் மௌனம் ஒட்டிக்கொள்ளும், வேவ் கோப்பாக வேண்டும்.

என் கணவன் எல்லாவற்றையும் கேட்டான். "எழுதுன லெட்சணம் அப்படித்தானே இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரியமல்லே, பறஞ்சு தீர்த்தூடே?"

"பேசித் தீர்க்கற வலி இல்ல சார்" என்று கையை மேசைமேல் வைத்தேன். அது நிறம் மாறி வீங்கியிருந்தது. "புகார் எழுதணும்." வலது கை நன்றாக இருந்ததால் நானே எழுதினேன்.

அதற்குப் பிறகு ஆரியசாலைக்குத் திரும்பவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தேன். வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம், இயக்குநர் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த செய்தியில் வேகமும் நீளமும் மட்டுமே இருந்தன, ஒரு உணர்ச்சிச் சொல் கிடையாது. பயந்துபோயிருந்தார். "இதை வெச்சு நான் எதையும் போட முடியாது. பழையபடி எழுதுங்க" என்று பதில் போட்டேன். எழுதினார்.

இடது கை மாவுக்கட்டில் இருந்ததால் முதல் இரண்டு லூப்பையும் ஆபீஸ் கீபோர்டில் ஒற்றைக் கையால் போட்டேன். மூன்றாவதற்கு முரசு வேண்டாமென்று தோன்றியது. ஹாஸ்டல் மாடியில் கிடந்த தகர டிரம்மைக் கட்டையால் அடித்துப் பதிவுசெய்தேன். அடிக்க ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. வார்டன் ஓடி வந்துவிட்டார்.

ஆபீஸில் அதை ஓடவிட்டபோது மிருகம் பாய்ந்தது, தகரம் இடித்தது. விளையாடிப் பார்த்த பெண் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் குறைக்கலாமா?" என்றார் இயக்குநர். நெற்றித் தையலைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றேன்.

இன்னொரு தடவை முழுசாகக் கேட்டார். குறைக்கவில்லை.