பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

‘அரை மார்க்’ என்று சொன்னால்தான் எங்கள் கல்லூரியில் அவரைத் தெரியும். கணிதத் துறையில் எனக்கு அடுத்த மேசை. விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைக்கூடச் சும்மா தரமாட்டார். சும்மா பிடுங்கவும் மாட்டார் என்று ஊரே நம்பியது. அவரும் நம்பினார். இருபத்தாறு வருடமாக அந்தக் கர்வத்தில்தான் தலைநிமிர்ந்து நடந்தார். எனக்கு அது எரிச்சல். உண்மையைச் சொன்னால் பொறாமை.

போன மாதம் ஒரு மதியம், நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் அவரைத் தேடி வந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் படித்தவர். கணக்குத் தாள் ஒன்றுதான் பாக்கி. அனுமதித்த கடைசி முறையும் எழுதி, இரண்டு மதிப்பெண்ணில் தோற்றிருந்தார். கையில் விடைத்தாளின் நகல்.

“மறுமதிப்பீட்டுத் தேதி முடிஞ்சப்புறம்தான் சார் இது வந்துச்சு. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பொறுமையா சொல்லுவீங்கன்னாங்க.”

eˣ எப்போதும் 1 + x-க்குக் குறையாது என்று நிறுவ வேண்டும். அந்தப் பெண்மணி f(x) = eˣ − 1 − x என்று எடுத்திருந்தார். வகைக்கெழு eˣ − 1. x மிகை எண் என்றால் அதுவும் மிகை, f ஏறுகிறது, f(0) பூஜ்யம், எனவே f(x) > 0. இதற்கு ‘சரி’ குறி இருந்தது. x குறை எண் என்றால் வகைக்கெழுவும் குறை; f இறங்குகிறது; எனவே f(x) > f(0) = 0. இதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் கோணல் எழுத்தில், “இறங்கினால் f(x) < f(0) அல்லவா?” ஐந்துக்கு இரண்டு.

எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்மணி எழுதியதுதான் சரி. படியில் இறங்கிப் பூஜ்யத்துக்கு வருகிறவர், வருவதற்கு முன் அதைவிட உயரத்தில்தானே நின்றிருப்பார்? வருடா வருடம் வகுப்பில் நாங்களே சொல்வது. ஆனால் நாற்பதாவது தாளில், ‘இறங்குகிறது’ என்று கண்டதும் கை ‘சிறியது’ என்று எழுதிவிடும். அந்தக் கோணல் கையெழுத்து யாருடையது என்று எனக்கும் தெரியும்.

‘அரை மார்க்’ நினைத்திருந்தால் பொய் சொல்லித் தப்பியிருக்கலாம்.

“தப்பு உங்களுது இல்லம்மா. இது என் எழுத்து. நான்தான் தப்பா அடிச்சேன். தேர்வு ஆபீசுக்கு இப்பவே எழுதித் தரேன்...”

“அங்க கேட்டுட்டுத்தான் சார் வரேன். யாரு சொன்னாலும் இனிமே ரிசல்ட்டைத் திறக்க மாட்டாங்களாம். புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன். மண்டையில ஏறலேன்னு வீட்டுல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அந்தப் பெண்மணி திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருக்க வேண்டும். அவரோ அந்தச் சிவப்புக் கோட்டின் அடியில் தன் வரியை விரல் வைத்துப் படித்தார்.

“அப்போ எனக்குப் புரிஞ்சிருந்துச்சா சார்?”

“புரிஞ்சிருந்துச்சும்மா.”

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்மணி அழுதார்.