மூன்று என்று எழுதியிருந்த இரண்டாம் மாடி

அவளை எல்லாரும் அளவக்கா என்றே அழைத்தார்கள். கடைவாசலில் ஒரு பெண் வந்து நின்றால் நாடாவை எடுக்கும் முன்பே தோளையும் கையையும் கண்ணால் அளந்துவிடுவாள். பிறகு நாடா வைத்துப் பார்ப்பது வந்தவளின் மனநிறைவுக்காக மட்டுமே. தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போனபின், அந்தத் தையல் இயந்திரத்தின் ஓசையிலேதான் தம்பியை வளர்த்தாள். தனக்கென்று வந்த இரண்டு சம்பந்தங்களையும், "பையன் தலையெடுக்கட்டும்" என்று தள்ளினாள். பையன் தலையெடுத்தபோது சம்பந்தம் பேச வருவோர் நின்றுபோயிருந்தார்கள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

தம்பி சுவருக்கு வண்ணம் பூசும் வேலை கற்றுக்கொண்டு வெளிநாடு போனான். வாரந்தோறும் பேசுவான். பேச்சில் பாதி கிண்டல்.

"இங்க கட்டடத்துக்கெல்லாம் கணக்கே வேறக்கா. தரையிலயே ஒண்ணுன்னு ஆரம்பிச்சிடுறாங்க. முதல் வாரம் மேஸ்திரி மூணுன்னு சொன்னதக் கேட்டு, நான் நம்ம கணக்குல மூணு மாடி ஏறிப் போய் வேற யாரோ வீட்டுச் சுவருக்குப் பட்டி தேச்சுட்டேன்!"

"வீட்டுக்காரன் சும்மாவா விட்டான்?"

"நல்லா இருக்கு, மிச்சத்தையும் தேச்சிட்டுப் போன்னுட்டான்."

அன்றிலிருந்து அக்காளிடம் எதைச் சொன்னாலும் அவன் ஊர்க்கணக்காக மாற்றியே சொல்வான். அங்கே மூன்று என்று எழுதியிருந்த தன் அறையைக்கூட அவளிடம் இரண்டாவது மாடி என்றுதான் சொல்லியிருந்தான். அவள் மனக்கண்ணில் வழி தடுமாறக் கூடாது என்பது அவனுடைய கரிசனம். அவன் மாற்றிச் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. பட்டி தேய்த்த கதையையும் வேடிக்கையாகக் கேட்டதோடு மறந்துபோனாள்.

ஒருநாள் சாரம் சரிந்து அவன் விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே குருதி கசிந்தது. முதல் அறுவையில் பிழைத்தான். இரண்டாவது அறுவை பெரிது என்றார்கள். கம்பெனியே பயணச்சீட்டு அனுப்பி அவளை அழைத்தது. புறப்படும் முன் தம்பி போனில் பேசினான். குரல் இளைத்திருந்தாலும் குறும்பு இளைக்கவில்லை.

"இரண்டாவது மாடிக்கா. கதவுல மாடி நம்பரும் ரூம் நம்பரும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதப் பாத்து மிரளாத. கடைசி ரெண்டு எழுத்து பதினாலு. அவ்வளவுதான்."

"சாப்பிட்டியா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி தண்ணி கூடக் கிடையாது. நீ வந்து மூஞ்சியக் காட்டு, அது போதும். உள்ள போறதுக்கு முந்தி உன்னப் பாத்துடணும்."

அந்த ஒன்றைத்தான் அவள் நெஞ்சில் முடிந்துகொண்டு விமானம் ஏறினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பல தேசங்களில் லிஃப்ட் பழுது பார்த்துத் திரும்பியவர். அவரை அவள் அண்ணே என்பாள். "தங்கச்சி, புரியாதது எது கண்ணுல பட்டாலும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் இங்கிருந்தே சொல்றேன்" என்று அவர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

கம்பெனி ஓட்டுநர் காலையில் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். அவர் மொழி அவளுக்குத் தெரியாது. அவருக்காகக் காத்திருக்க மனமும் இல்லை. லிஃப்டுக்குள் நுழைந்தாள். திரும்பி வர வழி தெரியவேண்டுமே என்று பொத்தான் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டை அழுத்தினாள்.

கதவு திறந்தது. நீண்ட நடை, இருபுறமும் ஒரே நிறக் கதவுகள். 210, 212, 214. கடைசி இரண்டு எழுத்து பதினாலு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டில் வெறுமையாய் இருந்தது. விரிப்பு உருவப்பட்டு மெத்தை மடிந்து கிடந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அளவக்கா தம்பியின் படத்தை நீட்டினாள். அந்தப் பெண் படத்தைச் சரியாகப் பார்க்காமலே வெற்றுக்கட்டிலைக் காட்டி இரு கைகளையும் விரித்தாள். அங்கிருந்தவர் குணமாகி வீடு போய்விட்டார் என்பது அவள் சொன்ன பொருள். அளவக்கா அறிந்துகொண்ட பொருள் வேறு.

அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. இறைவன் பெயர் நாவில் வந்தது. அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. தம்பியின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்தபடியே இருந்தது. அறுவைக்கு முன் உடைகளோடு போனையும் வாங்கிப் பூட்டிவைப்பார்கள் என்பதை யார் சொல்வார்கள் அவளுக்கு? நெடுநேரம் கழித்தே கதவு எண்ணைப் படம் எடுத்து, லிஃப்ட் படத்தோடு சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினாள். "அண்ணே, அவன் கட்டில் காலியா இருக்கு. கதவுல வேற ஏதாவது போட்டிருக்கா பாருங்க" என்று பேசியும் அனுப்பினாள்.

உடனே அழைப்பு வந்தது.

"தங்கச்சி, பதறாத. லிஃப்ட்ல ஒண்ணாம் பட்டன் பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரம் இருக்கு பாரு. வெளிய போற வாசல் இருக்குற தளத்துக்குத்தான் அதப் போடுவாங்க. நீ படம் எடுக்கும்போது வாசல்லதான நின்ன? மேல விளக்குல அப்பவும் ஒண்ணுன்னுதான் எரியுது. அங்க தரையே ஒண்ணு! நீ இப்ப நிக்கிறது நம்ம முதல் மாடி. தம்பி எந்தக் கணக்குல சொன்னான்?"

"ரெண்டாவது மாடின்னான்..."

"நம்ம கணக்காத்தான் இருக்கும். இன்னும் ஒரு மாடி ஏறு. முன்னூத்திப் பதினாலு. ஓடு!"

லிஃப்ட் வேறெங்கோ நின்றது. படிகளில் ஏறி ஓடினாள். 314. அங்கே கட்டிலே இல்லை. அறுவைக்குக் கட்டிலோடுதான் தள்ளிக்கொண்டு போவார்கள். கட்டில் நின்ற இடத்தில், தலைமாட்டுச் சுவரில், குழந்தை எழுதியதுபோல் தமிழில் அவன் பெயரை எழுதி யாரோ ஒட்டியிருந்தார்கள். செவிலி அவள் கையைப் பற்றி நடையின் கோடிக்கு அழைத்துப் போனாள். இரட்டைக் கதவு மூடியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு. சற்று முன்புதான் என்பதைச் செவிலி விரல்களை நெருக்கிக் காட்டிச் சொன்னாள்.

பிற்பகலில் அந்தக் கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னே நின்றார். மொழிபெயர்க்க ஓட்டுநர் போனை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மாலையில் தம்பியின் அறைத்தோழன் வந்தான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் தம்பியைப் பார்த்துவிட்டுப் போனவன் அவன். சுவரிலிருந்த எழுத்தும் அவனுடையதே.

"அக்கா அடையாளம் கண்டுபிடிக்கத்தான் பேர எழுதி ஒட்டுனோம்க்கா. வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தான். நர்ஸ் ரெண்டு தடவ வந்தப்பவும், என் அக்கா வரட்டும்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திட்டான். நான் பயந்தேன், வழி தெரியாம நின்னுடுவாங்களோன்னு. அவன் சிரிக்கிறான். 'எங்கக்கா குழம்பாது. நம்ம கணக்குல மாத்திச் சொல்லியிருக்கேன்ல'ன்னான்."

அவள் அவன் வாங்கிவந்த தண்ணீரைக் குடித்தாள்.

உடலோடு ஊர் திரும்பியபின் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: கடைசியாக உயிரோடு முகம் பார்த்தாயா? இல்லை என்றாள். கூட்டம் கலைந்தபின் லிஃப்ட்காரர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்த ஒரு மாடி உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, அந்தப் பயல் கதவுல போட்டிருந்த நம்பர அப்படியே சொல்லியிருந்தா நீ நேரா போயிருப்பியே. எதுக்கு மாத்திச் சொன்னான்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவன் மூணுன்னு சரியாத்தாண்ணே சொன்னான். நான்தான் அத நம்ம கணக்குக்கு மாத்தி, ஒண்ணக் குறைச்சுக்கிட்டு ரெண்ட அழுத்திட்டேன்."

அன்று போனில் நீ சொன்னதே வேறு என்று அவர் வாய் திறக்கப் போனார். அவள் கண்களைக் கண்டு மூடிக்கொண்டார். "சரிம்மா" என்று எழுந்துபோனார்.