அட்டவணை 3.3-இல் உள்ள ஊற்றுகள்

ஏற்காட்டில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலை எனக்கு. களத்துக்குப் போவதும் நான்தான், தட்டச்சு செய்வதும் நான்தான். கையெழுத்துப் போடுவது மட்டும் எங்கள் இயக்குநர் சார். சேலத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் மேலே வருவார். வந்ததும் காற்றோட்டம் சரியில்லை என்பார், ஜன்னலைத் திறந்தால் குளிருது என்பார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்கள் கணினியைத் தொட்டால் எனக்குப் பயம்.

அந்த வருடம் செம்மநத்தம் பக்கத்து ஊற்றுகளின் தண்ணீரைப் பரிசோதித்து ஓர் அறிக்கை தயாரித்தோம். அங்கே ஒரு குக்கிராமத்துக்குக் குழாய் போடுவதற்குத் திட்ட அலுவலகத்தில் அனுமதி ஆகியிருந்தது. எந்த ஊற்றிலிருந்து போடுவது என்பதை எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் குக்கிராமத்துப் பெண் ஒருத்தி எனக்கு வழிகாட்டினாள். காப்பியும் ஆரஞ்சும் கொஞ்சம் ராகியும் போடுகிற குடும்பம். பாறையில் அவள் ஆடு மாதிரி ஏறுவாள், நான் தவழ்ந்து போவேன். போத்தல்களைப் பிடித்துக்கொண்டு எல்லா ஊற்றுக்கும் வந்தாள். அவள் வீட்டுக்கு மேலே இருந்தது பலாமரத்து ஊற்று. மேட்டில் இருப்பதால் குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். முடிவு வந்தபோது அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மேலே காப்பிப் பழம் உரிக்கும் இடத்துக் கழிவுநீர் எப்படியோ அதில் இறங்குகிறது. கிருமியும் இருந்தது.

நான் அவளிடம் நேரிலேயே சொன்னேன். "அது ஆகாதுங்க, குடிக்காதீங்க." அவள் தலையாட்டினாள்.

அறிக்கையை எழுதித் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடிவம் சரியில்லையாம். கூடவே அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை வைத்திருந்தார்கள். அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வர வேண்டும், படத்தின் தலைப்பு படத்துக்குக் கீழே. எண் அத்தியாயத்தை ஒட்டி வர வேண்டும், மூன்றாம் அத்தியாயத்தின் முதல் அட்டவணை 3.1. புகைப்படம், வரைபடம், நிலப்படம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், படம். தலைப்பில் கருத்து கூடாது, என்ன, எங்கே என்பது மட்டும். 'குடிக்கத் தகாத ஊற்றுகள்' என்று நான் வைத்திருந்த தலைப்பு 'ஊற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள், பகுதி 1' ஆயிற்று. நல்ல ஊற்றுகள் பகுதி 2. எது விஷம், எது தண்ணீர் என்று தலைப்பைப் பார்த்து இனி யாரும் சொல்ல முடியாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கேட்ட மாதிரி செய்தேன்.

எண்களை நான் கையால் தட்டவில்லை. அந்தத் தப்பை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே செய்து பட்டுவிட்டேன். தலைப்பைச் செருகும் வசதியில் போட்டால் மென்பொருளே எண் கொடுக்கும். வாக்கியத்துக்குள் 'அட்டவணை 3.3-இல்' என்று வரும் இடங்களிலும் எண்ணைத் தட்டாமல் அந்தத் தலைப்போடு கோத்துவிட வேண்டும். பிறகு நடுவில் எத்தனை அட்டவணை நுழைந்தாலும், எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரு விசையை அழுத்தினால் தலைப்பும் மாறும், வாக்கியமும் மாறும், முன்னால் இருக்கிற பட்டியலும் மாறும். முதல் முறை அழுத்தியபோது எல்லாம் 'படம் 0.1', 'படம் 0.2' என்று வந்து நின்றது. அத்தியாயத் தலைப்புகளுக்கே எண் இல்லை, அது எதைப் பார்த்து எழுதும், பாவம். தலைப்புகளுக்கு எண் வரிசை கொடுத்ததும் சரியானது. மோசமான ஊற்றுகள் அட்டவணை 3.2, நல்லவை 3.3. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

சார் அன்று வந்தார். "சுருக்கம் என் பேர்ல போகுது, நானே ஒருக்கா பாத்துடறேன்" என்று உட்கார்ந்தார். நான் தேநீர் வாங்கப் போனேன்.

அவர் செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அறிக்கையின் முன்னால் வரும் அந்தச் சுருக்கத்தில் முக்கியமான வாக்கியம் ஒன்றுதான். 'அட்டவணை 3.3-இல் உள்ள ஊற்றுகளிலிருந்து குழாய் அமைக்கலாம்.' அதில் எண்ணின் மேல் சொடுக்கியிருக்கிறார். கோத்துவிட்ட எண்ணைத் தொட்டால் சாம்பல் நிறத்தில் பட்டை தெரியும். திரையில் மட்டும்தான், தாளில் வராது. அவருக்கு அது கறையாகத் தெரிந்திருக்கிறது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல அச்சில் விழுந்துவிடும் என்று பயந்து, அதை அழித்துவிட்டுத் தன் கையால் 3.3 என்று தட்டிவிட்டார். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த நேரத்தில் எண்ணும் சரிதான்.

மறுநாள் திட்ட அலுவலகத்திலிருந்து இன்னொரு செய்தி. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் நீர் எடுத்த இடங்களின் அட்டவணை வேண்டும். செருகினேன். அது 3.1 ஆனது. விசையை அழுத்தினேன். மோசமான ஊற்றுகள் 3.3-க்குப் போயின, நல்லவை 3.4-க்கு. அத்தியாயத்துக்குள் எல்லா வாக்கியங்களும் ஒழுங்காக மாறின. சரிபார்த்தேன். கோத்தது எல்லாம் மாறியது என்பதைப் பார்த்தேன். கோக்காமல் ஒன்று இருக்கும் என்று எப்படி நினைப்பேன்? அச்சடித்து, கட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டோம்.

ஒரே அறிக்கை இரண்டு வாயால் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே 3.3 குடிக்க ஆகாது என்றது. சுருக்கம் 3.3-இலிருந்து குழாய் போடு என்றது. உள்ளே யார் படிக்கிறார்கள்?

சில வாரம் கழித்து, எனக்கு வழிகாட்டின அந்தப் பெண் போன் செய்தாள்.

"ஏனுங்க்கா, பலாமரத்து ஊத்துல பைப்பு போட அளந்துட்டுப் போறாங்க. குச்சியெல்லாம் நட்டுட்டாங்க. அது ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"யாரு அளந்தா? தப்பா வந்திருப்பாங்க."

"ரிப்போட்டுல அப்படித்தான் போட்டிருக்குதுன்னாங்க. இன்னைக்கு மத்தியானம் கையெழுத்து ஆவுதாமாங்க."

கோப்பைத் திறந்தேன். சுருக்கத்துக்குப் போய் அந்த எண்ணைச் சொடுக்கினேன். சாம்பல் நிறம் வரவில்லை. வெறும் எழுத்து. சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மலைப் பாதையில் வந்துகொண்டிருந்தால் சிக்னல் இருக்காது. அவரைத் திட்டினேன், அந்த மாதிரியை அனுப்பினவர்களைத் திட்டினேன், தேநீர் வாங்கப் போன என்னையும் சேர்த்துத் திட்டினேன். சுருக்கத்தைத் திருத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்தேன். பனியில் பஜார் வழியாக ஓடினேன். சுற்றுலா வண்டிகள் ஹாரன் அடித்தன. குடை எடுத்த நினைவே இல்லை.

திட்ட அலுவலகத்து அதிகாரி பொறுமையானவர். தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுல கையெழுத்து இல்லைங்களே."

"சார் வந்துட்டு இருக்காருங்க. இந்த ஒரு நம்பர் மட்டும் தப்புங்க. 3.4-னு வரணும்."

"ஏம்மா, உங்க ரிப்போர்ட்தான 3.3-னு சொல்லுது? நான் சொல்லலையே."

"அட்டவணையப் பாருங்க சார். கிருமி எவ்வளவுன்னு இருக்குது பாருங்க. அதைக் குழந்தைங்க குடிக்கும்."

அவர் புரட்டினார். முதன்முறையாக அந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பது தாள் ஒட்டிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. தலைப்பைப் படித்தார். "பகுதி ஒண்ணுன்னு மட்டுந்தான் போட்டிருக்கு" என்றார். அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அத்தியாயத்தில் அட்டவணைக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தேன். 'அட்டவணை 3.3-இல் உள்ளவை குடிக்க உகந்தவை அல்ல.' அவர் அதைப் படித்தார். சுருக்கத்தைப் படித்தார். திரும்பவும் அதைப் படித்தார்.

"அட ராமா" என்றார்.

அலுவலகப் பிரதியில் சுருக்கத்து எண்ணைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 3.4 என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. போட்டேன். சார் வந்ததும் பக்கத்தில் அவரும் போட்டார். வெளியே வந்து, "அந்தச் சாம்பல் கலர் எதுக்கும்மா வருது?" என்று சின்னக் குரலில் கேட்டார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அன்று குழாய்க்கு உத்தரவு கையெழுத்து ஆகவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பஜ்ஜி சாப்பிட்டேன், அவ்வளவு நிம்மதி.

அடுத்த வாரம் திட்ட அலுவலகத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு செம்மநத்தம் போனேன். குறுகலான ரோட்டில் ஜீப் விட்ட இடத்திலிருந்து நடந்தேன். வழியில் நட்டிருந்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவள் வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க்கா" என்று மணை போட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிவளைத்தேன். 3.4-இல் இருக்கிற ஊற்றுகள் எல்லாம் பள்ளத்தில். அங்கிருந்து இவர்கள் மேட்டுக்குத் தண்ணீர் ஏற மோட்டார் வேண்டும். அனுமதியில் மோட்டார் கிடையாது. அதனால் குழாய் கீழே இருக்கிற ஊருக்குப் போகிறது. இவர்களுக்கு அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள்.

"அப்போ எங்களுக்குத் தண்ணி இல்லைங்களா?"

"இப்போதைக்கு இல்லைங்க. அடுத்த தடவ..."

அவள் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப இத்தன நாளா நாங்க எதைக் குடிக்கறோம்னு நெனச்சீங்க்கா? கீழ போய்ட்டு வர அர நாளு ஆவுது. அந்தப் பலாமரத்து ஊத்துதான். நீங்க ஆகாதுன்னு சொன்ன பொறவும் அதேதான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் எதுக்குப் போன் பண்ணுனனுங்க? ஆகாத தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணி வரும்னுதானுங்க. நம்பர மாத்தாம உட்டிருந்தா அந்தத் தண்ணியாவது ஊட்டு வாசல்ல வந்திருக்கும். நொம்பப் பேரு என்னையத்தான் ஏசறாங்க, நீதான போன் பண்ணுனன்னு."

எண் சரி. வாக்கியம் சரி. அந்த அறிக்கையில் இப்போது ஒரு பிழைகூடக் கிடையாது. காய்ச்சிக் குடிங்க என்று சொன்னேன். காய்ச்சினால் கிருமி சாகும், காப்பிக் கழிவு போகாது என்பது எனக்கே தெரியும்.

அவள் உள்ளே போய் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? எந்த ஊற்று என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குடித்தேன்.