ஒரு சார்ஜர், இரண்டு சூசை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். எது பெரிய 'ற', எது சின்ன 'ர' என்று இன்னும் தடுமாற்றம்தான். வாராவாரம் இதைத் திருத்தி அச்சில் ஏற்றுகிற தம்பிக்கு, வழக்கம்போல இந்த வாரமும் தலைவலி.

ஆனால் இந்த வாரத் தடுமாற்றம் எழுத்தில் இல்லை. ஆளில். நான் யார் என்பதிலேயே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது.

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தேத்தண்ணி போட்டு, ஃபைல் தூக்கி, தபால் கொண்டுபோகிற வேலை எனக்கு என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கணக்குப் பார்க்கிற கிளாக்கர் ஐயா ஒருவர். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம்... என் போன் சார்ஜர்.

"சூசை, அஞ்சு நிமிஷம்."

இவ்வளவுதான் சொல்வார். சார்ஜர் போய்விடும். சாயந்தரம் அவரோடேயே வீட்டுக்கும் போகும்.

இன்னொன்று வாங்கினால் என்ன என்கிறீர்களா? வாங்கினேன். அதையும் எடுத்து, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று தங்குகிற குவாட்டர்ஸுக்கு என்று அவரே பிரித்து வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் ஒரு விஷயமா? விஷயம்தான். என் மகள் ரீட்டா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. சாயந்தர பிரேக்கில்தான் எனக்குப் போன் கோல் எடுப்பாள். வீட்டில் நான் தனி ஆள். போன வாரம் போன் செத்துக் கிடந்தது. அவள் எடுத்து எடுத்துப் பார்த்து, பயந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு அடித்து, அவர் டோர்ச்சோடு என் கதவைத் தட்டி... நான் பருப்புக் கழுவிக்கொண்டு நிற்கிறேன். மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நேரா கேளுங்களேன். உங்க சார்ஜர்தானே?"

"எப்படிம்மா கேக்குறது? அவர் சங்கடப்படுவாரு."

"நீங்க சங்கடப்படுறதுக்கு யாருப்பா கணக்கு வைக்கிறது?"

பிறகு அவளே வழியும் சொன்னாள்: "சரி, வாயால சொல்ல வராதுன்னா நடிச்சுக் காட்டுங்க. ஒரு நிமிஷ வீடியோ. ரெண்டு பேரு. ரெண்டு பேரும் நீங்கதான். ஆபீஸ் குரூப்ல போடுங்க. யாரு பேரும் வேணாம்."

கடைக்கு விளம்பர வீடியோ எடுப்பது அவள்தான். அவளுக்கு இது தண்ணி பட்ட பாடு. எனக்கு? நாலு பேர் பார்த்தாலே தேத்தண்ணித் தட்டு ஆடும்.

ஆனாலும் எழுதினேன். கேட்கிற ஆள், சார்ஜர்காரன் — இரண்டே பேர். ரீட்டா சொன்ன முறை இது: ஒரே தொல்லை மூன்று தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவேண்டும், கடைசியில் தலைகீழாகவேண்டும்.

முதல் தடவை: "அஞ்சு நிமிஷம் சார்ஜர் குடுங்க."

இரண்டாம் தடவை: "உங்க வயரு என்னங்க இவ்வளவு கட்டையா இருக்கு? நீட்டு வயரா வாங்கக்கூடாதா?"

மூன்றாம் தடவை: "என் மச்சானும் வந்திருக்காரு. அவருக்கும் ஒரு அஞ்சு நிமிஷம்."

கடைசியில் சார்ஜர்காரன் பொங்கி எழுந்து, "என் சார்ஜரைக் குடுங்க" என்று கத்தவேண்டும். அதுதான் முடிவு என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அரை நாள். ஆபீஸ் காலி. சாவி என்னிடம். பக்கத்து வீட்டில் போனை நிறையச் சார்ஜ் போட்டுக்கொண்டு போனேன். என் தேத்தண்ணி அறையில் சீனி டின்னில் போனைச் சாய்த்து, ரப்பர் பேண்ட் போட்டேன். நடுவில் கோல் வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க ஃபிளைட் மோட். கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கினேன், அதன் சத்தம் எல்லாவற்றிலும் விழும் என்று. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படுகிற இடத்தில் தரையில் சோக்குக் கட்டியால் கோடு. திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மூட்டம் வந்து போகிற நேரமெல்லாம் படம் தானாகக் கறுக்கும், வெளுக்கும்.

கேட்கிற ஆளுக்குக் குல்லா. சார்ஜர்காரனுக்கு என் நீல ஜெர்சி.

தொடங்கினேன். குல்லா போட்டு ஒரு வசனம். ஓடிப்போய் நிறுத்தி, குல்லாவைக் கழற்றி, ஜெர்சி போட்டு, பதில் வசனம். மறுபடி குல்லா... நாலாவது வசனத்தில் குல்லாவும் ஜெர்சியும் ஒன்றாக என் மேலேயே இருந்தன. நான் கேட்பவனா, கொடுப்பவனா?

ஃபிளைட் மோடை எடுத்து ரீட்டாவைக் கேட்டேன். சிரித்தாள்.

"அப்பா, ஒரு ஆளோட பேச்சு எல்லாத்தையும் மொத்தமா எடுத்து முடிங்க. அப்புறம் மற்ற ஆளு. ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கொஞ்சம் சும்மா நில்லுங்க. அப்பதான் எனக்கு வெட்ட இடம் இருக்கும். மற்ற ஆளு பேசுற நேரத்துல, அந்த வசனத்த மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு கேக்குற மாதிரி முகத்த வைங்க. சிரிப்பே அந்த முகத்துலதான் வரும்."

"பார்வை?"

"போனப் பாக்காதீங்க. ஒரு ஆளு போனுக்கு வலப்பக்கம் பாக்கணும், மற்ற ஆளு இடப்பக்கம். அப்பதான் ஒருத்தர ஒருத்தர் பாக்குற மாதிரி இருக்கும்."

அப்படியே செய்தேன். குல்லாக்காரனை முன் கேமராவில் எடுத்தேன், என் முகம் எனக்குத் தெரியுமே என்று. அனுப்பினேன். "பின் கேமரா இன்னும் தெளிவா இருக்கும்பா" என்றாள். அதனால் ஜெர்சிக்காரனைப் பின் கேமராவில். இரண்டையும் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாமல், மங்காமல் இருக்க டொக்யூமென்டாக அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

அவள் ஒட்டித் திருப்பி அனுப்பியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். வெளியே நிற்கிற மூன்றாவது ஆள் ஒருவரிடம் இரண்டு பேரும் சேர்ந்து சார்ஜர் கேட்கிறதுபோல. போதாததற்குக் குல்லாக்காரன் பின்னால் தொங்குகிற கலண்டரில் எழுத்தெல்லாம் தலைமாறி நிற்கிறது. நான் வலப்பக்கம்தானே பார்த்தேன்? எழுந்து நின்று, கையை நீட்டி, வலக்கை எது என்று ஒரு தடவை சரிபார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

"உங்க போன்ல முன் கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிப் பதியுதுப்பா. குல்லா வீடியோவ மட்டும் நான் இடம் வலம் திருப்பிடுறேன். கலண்டரும் நேராகும், பார்வையும் சரியாகும்."

சரியாயிற்று. மிச்சம் கடைசி ஷாட் மட்டும். அங்கேதான் இரண்டு சிக்கல்.

ஒன்று, அந்த வசனம். "என் சார்ஜரைக் குடுங்க." காலி ஆபீஸ். கேட்க ஒரு பல்லி கூட இல்லை. இருந்தும் குரல் வரவில்லை. குல்லாவைப் போட்டுக் கேட்டபோது எவ்வளவு தாராளமாக வந்தது. அடுத்தவர் சார்ஜர் என்றால் எனக்கு வாய் இருக்கிறது. என் சார்ஜர் என்றால் இல்லை. இது என்ன கணக்கு?

இரண்டாவது, மற்ற இடங்களில் படத்துக்கு வெளியே கையை நீட்டிச் சமாளித்துவிட்டேன். கடைசி ஷாட்டில் சார்ஜரைக் கிட்டத்தில் காட்டியே ஆகவேண்டும். சார்ஜர் எங்கே? அரை நாளென்று ஆபீஸ் சார்ஜரையும் எடுத்துப் போய்விட்டார். இரண்டும் கிளாக்கர் ஐயா வீட்டில். இதற்குள் என் போனும் சிவப்பில் நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். சார்ஜரைத் திருப்பித் தராத ஒருவரைப் பற்றி வீடியோ எடுக்க, அவர் வீட்டுக்கே போய்ச் சார்ஜர் கேட்கவேண்டும்.

போனேன். ஐயா கதவைத் திறந்தார்.

"என்ன சூசை, இந்தப் பக்கம்?"

"சார்ஜர்... ஐயா."

"சார்ஜரா? எதுக்கு?"

"ஒரு சின்ன வேலை." கூடவே என் வாயில் வந்தது: "அஞ்சு நிமிஷம்."

ஐயா உள்ளே போனார். சார்ஜரைக் கொண்டுவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "பத்திரம் சூசை. திருப்பித் தந்துரணும். எனக்கும் தேவை இருக்கு."

நான் தலையாட்டினேன். வாசலில் இறங்கின பிறகுதான் உறைத்தது. எனக்கு வராத கடைசி வசனத்தை ஐயாவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆபீசுக்கு ஓடி, போனைக் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டு, எடுத்தேன். ஜெர்சிக்காரன் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "என் சார்ஜர... எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் தர முடியுங்களா?" குல்லாக்காரன்: "பத்திரம். திருப்பித் தந்துரணும்." பிறகு சார்ஜர், கிட்டத்தில். ரீட்டா ஒட்டி அனுப்பினாள். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு குரூப்பில் போட்டேன்.

முதல் சிரிப்பு கிளாக்கர் ஐயாவிடமிருந்து. வாயெல்லாம் பல்லாக நாலு பொம்மை. கீழே ஒரு வரி: "இது நம்ம ஸ்டோர் கீப்பர்தான். குல்லாவைப் பாருங்க."

குளிருக்குக் குல்லா போடுகிற அந்த ஸ்டோர் கீப்பர் எனக்குத் தனியாக எழுதினார்: "கிளாக்கரை அப்படியே பிடிச்சிட்டீங்க. நான் சொன்னதா சொல்லிறாதீங்க."

குல்லாவை மாட்டினது, யாரென்று தெரியாமல் இருக்கத்தான். தெரியவேண்டியவருக்கே தெரியாமல் போய்விட்டது. இது வெற்றியா, தோல்வியா? திங்கட்கிழமை வரை எனக்கு விளங்கவில்லை.

திங்கள் சாயந்தரம், ரீட்டா கோல் எடுக்கிற நேரம். சனிக்கிழமை வாங்கிவந்த சார்ஜர் இன்னும் என் தேத்தண்ணி அறைப் பிளக்கில்தான். ஐயா வாசலில் வந்து நின்றார்.

"சூசை, அந்த வீடியோவ மச்சானுக்குக் காட்டணும். போன்ல சார்ஜ் இல்ல. அஞ்சு நிமிஷம்."

கை நீண்டுவிட்டது. என் கையும் பழக்கத்தில் பிளக் பக்கம் போனது. அப்போது... எப்படிச் சொல்வது? ஜெர்சி போட்டிருந்தேன். ஆனால் பேசினது குல்லாக்காரன்.

"சார்ஜர் இங்கேருந்து நகராதுங்க ஐயா. மக கோல் எடுப்பா. போன இங்கயே கொண்டாந்து போடுங்க."

ஐயா என்னைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். கலண்டரைப் பார்த்தார்.

"அந்தக் குல்லா..." என்றார்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தேத்தண்ணி இருக்கா?"

என் போன் அடித்தது. ரீட்டா. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல் மணியிலேயே எடுத்தேன்.

மறுநாள் குவாட்டர்ஸ் சார்ஜரும் ஒரு பேப்பரில் சுற்றி என் மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் ஐயா தினமும் சாயந்தரம் போனோடு வருகிறார். ஸ்டூலில் உட்காருகிறார். சார்ஜ் நிறைந்த பிறகும் எழுந்திருப்பதில்லை. ரீட்டாவிடம் அவரும் இரண்டு வார்த்தை பேசுகிறார். சார்ஜர் திரும்பி வந்தது, கூடவே ஆளும் வந்துவிட்டார். இது நல்லதா, தொல்லையா? இன்னும் குழப்பம்தான்.

மார்ச் பதினான்காம் தேதிதான் இதை எழுத உட்கார முடிந்தது. இன்னும் இரண்டு வரி சொல்ல இருந்தது. ஐயா எதிரில் உட்கார்ந்து பேனாவைக் கேட்கிறார்... அஞ்சு நிமிஷமாம்.