தேவிகாவின் பெயர் இருந்த பதினான்கு நாள்

தேவிகா என் கடையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தல்லாகுளத்தில் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆப் வேண்டுமென்றால் அதன் திரைகளை வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். பேச்சு என்னுடையது, கை அவளுடையது. இதைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு.

வண்டியூர்க்காரி, சௌராஷ்டிரா வீட்டுப் பெண். போனில் மகளிடம் அவள் மொழியில் கொஞ்சிக்கொண்டே நான்கு திரையை முடித்துவிடுவாள். கணவன் வெங்கடேஷ்பாபு கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அங்கே தனக்கும் ஒரு வேலை கிடைத்தால் மகளோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவள் கனவு. என்னிடம் அதை மறைத்ததே இல்லை.

நாங்கள் வரையும் சாஃப்ட்வேர் வெளிநாட்டுக்காரனுடையது. ஒரே லாகின், அதுவும் என் பெயரில். ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவோம். அவள் வரைந்தாலும் கோப்பில் 'பாண்டிராஜ்' என்றுதான் விழும்.

போன சித்திரையில் அந்தக் கம்பெனி, ஆளுக்கொரு லாகின் தரும் டீம் பிளானைப் பதினான்கு நாள் இலவசமாகப் பார்க்கச் சொன்னது. சும்மா வருவதை விடுவேனா? தேவிகாவுக்குத் தனி லாகின் கொடுத்தேன். அந்தப் பதினான்கு நாளில்தான் ஓர் ஆஸ்பத்திரி ஆப்புக்கு நாற்பத்திரண்டு திரை வரைந்தாள். அவள் வாழ்நாளிலேயே அதுதான் நல்ல வேலை. கோப்பின் ஹிஸ்டரியில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பக்கத்திலும் அவள் பெயர்.

"அண்ணே, இங்கன பாருங்க, என் பேரு வருது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

பதிமூன்றாம் நாள் விலைப் பக்கத்தைத் திறந்தேன். இலவசம், ப்ரோ, டீம் என்று மூன்று பத்தி. இலவசத்தில் மூன்று ப்ராஜெக்ட்தான், அது ஆகாது. ப்ரோ ஒரே ஓர் ஆளுக்கு மட்டும், மாதம் பன்னிரண்டு டாலர். டீம் ஆளுக்கு இருபது, குறைந்தது மூன்று ஆள். இரண்டுமே வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை.

"இருக்கறது ரெண்டு பேரு. வராத மூணாவது ஆளுக்கு நான் எதுக்கும்மா தண்டம் அழணும்?" என்றேன்.

"அப்ப என் லாகின் போயிருமாண்ணே?"

"போனா என்ன? பழையபடி என் லாகின்ல செய்யி. வேலை ஒண்ணுதானே."

கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு ப்ரோவை அமுக்கினேன். விலை வரியைத் தாண்டிக் கண் கீழே இறங்கவில்லை. அவள் பெயர் கணக்கிலிருந்து போனது, கோப்புகள் என் பேருக்கு வந்தன.

ஆறு வாரம் கழித்து கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ஆப்பைப் பார்த்து அசந்தவர்கள், கோப்பில் என் பெயர் இருப்பதைப் பார்த்து, இதை வரைந்தது நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஹிஸ்டரில என் பேரு இருக்கும்லண்ணே? அத மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்" என்று ஓடி வந்தாள்.

திறந்தேன். கடைசி முப்பது நாள் மட்டும் இருந்தது. அதில் முழுக்கப் பாண்டிராஜ். மறுபடி விலைப் பக்கத்துக்குப் போய் இந்த முறை கடைசிவரை படித்தேன். அட்டவணையின் அடியில் ஒரு வரி. மாற்றங்களின் பதிவு இலவசத்தில் ஏழு நாள், ப்ரோவில் முப்பது நாள், டீமில் என்றைக்கும். யோசிக்காமல் மூன்று ஆளுக்கும் பணம் கட்டி டீமுக்கு மாறினேன். பழையது வரவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். நாள் கடந்து அழிந்த பதிவு பிளானை உயர்த்தினாலும் திரும்பாது என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு நானே போன் போட்டு, அத்தனையும் அவள் வரைந்தது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். முதலாளி சிபாரிசு என்று நினைத்திருப்பார்கள். வேலை வேறு யாருக்கோ போனது. நான் அவளைத் திட்டியிருக்கிறேன், லீவு மறுத்திருக்கிறேன். எதற்கும் இப்படி மனசு அறுத்ததில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல் ஒன்பதரைக்கு வந்தாள். டீமில் அவளுக்கு அழைப்பு அனுப்பியிருப்பதைச் சொன்னேன்.

"பாக்கறேண்ணே" என்றாள்.

மூன்று மாதம் ஆகிறது. மூன்று ஆளுக்கும் ஒரு வருடப் பணம் கட்டியாகிவிட்டது. அவள் பெயருக்கு எதிரே 'இன்னும் ஏற்கவில்லை' என்றுதான் காட்டுகிறது. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, ஒரு தட்டுத் தட்டுனா உன் பேரு வந்துரும்ல?"

"இருக்கட்டும்ணே, கை பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு, மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்க்காமலே என் பெயரைத் தட்டி உள்ளே போனாள்.