சித்திக்கு மட்டும் வந்த புள்ளிகள்

என் தங்கை தன் செல்போனை என்னிடம் நீட்டியபோது அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "இதப் பாருக்கா, ஒம் மக என்ன அனுப்பிருக்கானு."

வத்தலக்குண்டில் அவள் வீட்டு அடுப்படியில் நின்றபடி படித்தேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் மகள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பியிருந்தாள். "சித்தி!!!! இன்னைக்கும் மெஸ்ல சாம்பார்தான்..... உன் கோழிக்குழம்பு நெனப்பாவே இருக்கு...... நீ எப்ப வருவ!!!!"

அன்று காலை எனக்கு வந்திருந்தது: "சாப்பிட்டேன். நாளைக்குப் பரீட்சை. நீங்க சாப்டீங்களா."

தங்கைக்கு எட்டு ஆச்சரியக்குறி, பதினொரு புள்ளி. எண்ணித்தான் பார்த்தேன். அந்தச் சின்ன போனில் ஒன்றாம் எண்ணை ஒரு தடவை அமுக்கினால் புள்ளி வரும். அடுத்த புள்ளி வேண்டுமென்றால் சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி அமுக்க வேண்டும். ஆச்சரியக்குறிக்கோ விடாமல் நாலைந்து தடவை அமுக்க வேண்டும். பெற்றவளுக்கு "சாப்பிட்டேன்" என்று அடிக்கவே நேரமில்லாதவள் சித்திக்காக இத்தனை தடவை விரலை ஒடித்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளை "நீ" என்றும் என்னை "நீங்க" என்றும் எழுதியிருந்தது அதற்கும் மேலே எரிந்தது.

குற்றம் என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் இருபது வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கள் பழைய மெஷின்களில் ஆச்சரியக்குறிக்குத் தனிக் கட்டை கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அதன் கீழே புள்ளி வைக்க வேண்டும். அத்தனை பாடுபட்டு ஒன்று போட்டால் அதற்கு மரியாதை இருக்கும். ஹாஸ்டலுக்குப் போன முதல் நாள் மகளிடமிருந்து "அம்மா!!!!! ரூம் சூப்பர்!!!!!" என்று வந்ததும் நான் பதில் அனுப்பினேன்: "ஒரு குறி போதும். எதற்குக் கத்துகிறாய்." அதற்கு மறுநாளிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் பிழையில்லாத மெசேஜ். கொஞ்ச நாள் அதில் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கையின் போனைப் பார்த்த பிறகு நிம்மதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லி வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். ஒரு வாரம் முருங்கைக்காய் கொடுக்க, ஒரு வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்க. போன அரை மணி நேரத்தில் "அவ ஏதாச்சும் அனுப்புனாளா?" என்று கேட்டுவிடுவேன். தங்கைக்கு ஒளிவுமறைவு கிடையாது. மெசேஜ் பெட்டி மொத்தத்தையும் திறந்து கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள். போனில் இடம் போதவில்லை என்று மற்றவர்கள் அனுப்பியதை அழித்து, என் மகள் அனுப்பியதை மட்டும் வைத்திருந்தாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. "சித்தி...... என்னமோ போல இருக்கு........ எதுவும் பிடிக்கல..... அம்மாட்ட சொல்லாத......"

போனோடு அடுப்படிக்குப் போனேன். "இதுக்கு நீ என்ன பதில் போட்ட?"

"நல்லா சாப்டுட்டுத் தூங்குடினு போட்டேன். ஏங்க்கா?"

"இம்புட்டுப் புள்ளி வச்சிருக்காளே, ஒனக்கு ஒண்ணும் தோணலையா?"

"அவ எப்பவும் அப்டித்தானக்கா வப்பா" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிண்டினாள்.

ஒவ்வொரு புள்ளியையும் நான் ஒரு விசும்பலாகப் படித்தேன். பிள்ளை சொல்ல வந்து சொல்ல முடியாமல் நிற்கிற இடம் அது என்று தோன்றியது. பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அவ்வளவு செல்லமான சித்திக்குப் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது என்கிற சந்தோஷம். பெற்ற பிள்ளை கலங்கி நிற்கிறாள் என்று நினைத்த நேரத்தில் எனக்கு அப்படி இருந்தது. "அம்மாட்ட சொல்லாத" என்பதை மட்டும் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை என்று ஊர் ஊராக நின்று போனது. அவளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

ஹாஸ்டல் வாசல் அறையில் உட்கார்ந்திருந்தேன். தலை துவட்டிய துண்டோடு ஓடி வந்தவள் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். "என்னம்மா? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் என்னானு கேக்க வந்தேன். எதுவும் பிடிக்கலனு சித்திக்கு அனுப்பிருக்க."

அவளுக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சிரித்தாள். "அதுவா? டெஸ்ட்ல மார்க் கொறஞ்சிருச்சும்மா. ரூம்மேட் வேற ஊருக்குப் போயிட்டா. சாயங்காலம் அவ வந்ததும் சரியாப் போச்சு."

"அப்ப அம்புட்டுப் புள்ளி எதுக்கு?"

"அது சும்மா போடுறதும்மா. பேசுற மாதிரி இருக்கும்ல."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் வயிற்றில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "சித்திக்குப் பேசுற மாதிரி போடுற. எனக்கு ஒரு புள்ளிகூட எச்சா வச்சதில்லையே நீ."

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்களுக்கும் அப்டித்தாம்மா அடிப்பேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சுப் பாத்து, எல்லாத்தையும் அழிச்சிருவேன். அதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் எழுதுனதும் என்னமோ கிறுக்குத்தனமாத் தெரியும். அதையும் அழிச்சிருவேன். கடைசில சாப்டேன்ங்கிறதுதான் நிக்கும்."

குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பெண்கள் பிழையில்லாத தாளைக் கொண்டுவந்து காட்டுவார்களே, அப்படிச் சொன்னாள். "இனிமே அழிக்காத" என்றேன். "சரிம்மா" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை வந்து, எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பஸ் பொள்ளாச்சி தாண்டியபோது மெசேஜ் வந்தது. அவசரமாகத் திறந்தேன். "ஊருக்குப் போனதும் சொல்லுங்க." ஒரே ஒரு புள்ளி.

அதற்குள் தங்கை கூப்பிட்டுவிட்டாள். "அக்கா, கோயம்புத்தூருக்கா போயிருந்த? ஒரு வார்த்த சொல்லலையே! இப்பத்தான் ஒம் மக மெசேஜ் அனுப்புனா. படிக்கிறேன் கேளு. சித்தி, அம்மா திடீர்னு வந்துட்டாங்க, பயந்தே போயிட்டேன், ஆனா..."

"ஆனா?"

"அம்புட்டுத்தான்க்கா. அதுக்கு மேல புள்ளிதான் இருக்கு."

"எத்தன புள்ளி?"

தங்கை சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "ஆறோ ஏழோ இருக்கும். நீ மொதல்ல வீடு போய்ச் சேரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று மகளிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் சித்திக்கு அனுப்புவதையும் அழித்து எழுதத் தொடங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது.