கன்னி மூலைத் தொட்டியும் ஒரு கல்யாணப் பெண்ணும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பார்லரில் வெந்நீர் இலவசம். யாரும் கேட்க வேண்டாம், தானாகவே வரும். திண்டிவனத்தில் எங்கள் சொந்த வீட்டு மாடியில்தான் பார்லர் நடத்துகிறேன். கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் முன்பக்கம் பார்லர், அதற்குப் பின்னால் சாமி அறை, அதற்கும் பின்னால் படிக்கட்டு. மொட்டை மாடியில், வாஸ்துப்படி கன்னி மூலையான தென்மேற்கில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. சாயங்கால வெயில் மொத்தமும் வந்து இறங்குகிற மூலை அது.

தலை கழுவும் நாற்காலிக்கு இருப்பது ஒரே குழாய். பச்சைத் தண்ணீர்க் குழாய் என்றுதான் அதற்குப் பெயர். கோடையில் முதல் அரை வாளியைத் திறந்து வடித்துவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்த பிறகே வாடிக்கையாளர் தலையில் விடுவேன். அப்படி வடித்த வாளிகள் பார்லர் மூலையில் வரிசையாக ஆறிக்கொண்டிருக்கும்.

போன கோடையில் பிரம்மதேசத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், மணப்பெண் அலங்காரத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்துப் போக வந்தவர். எனக்கு உள்ளூர அத்தனை ஆசை. அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் புருவம், ஃபேஷியல், சாயம் என்று சில்லறை வேலைதான். ஒரு மணப்பெண் கையில் வந்தால் போதும், அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் பின்னாலேயே வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "மொதல்ல எனக்கு ஒரு ஹேர் வாஷ் பண்ணு, கை எப்படின்னு பாக்குறேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார். உச்சி வெயில். இருந்த பரபரப்பில் வடிக்க மறந்து, நேராகத் தலையில் திறந்துவிட்டேன்.

"ஐயோ, மூடு, மூடு! இன்னாடி இது, கோழியா உரிக்கிறே?"

தெருவே கேட்டிருக்கும். துண்டால் தலையைத் துடைத்தபடியே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாளு மத்தியானம்தான் வரணும். அதுக்குள்ள இந்தக் கொழாய சரி பண்ணு. இல்லாட்டி பாண்டிக்கே இட்டுக்கினு போயிடுவோம்."

அன்று இரவு கணவரிடம் புலம்பினேன். அவர் விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். காலை ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. விடிவதற்கு முன் குளிக்கிற மனிதருக்கு எங்கள் குழாயின் மத்தியான முகம் எப்படித் தெரியும்? "வெயில் காலத்துல தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னுதான் இருக்கும். உன் கஸ்டமருங்க உடம்புதான் வெண்ணெய்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே சாக்குப் பைகளைத் தைத்துத் தொட்டிக்குப் போர்த்தி, நனைத்து, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பச்சை வலையும் கட்டினார். மத்தியானம் போட்டுக்கொண்டிருந்த மோட்டாரை விடியற்காலைக்கு மாற்றினேன். நிறைந்த தொட்டி சீக்கிரம் சூடாகாது, குறைந்த தொட்டிதான் மளமளவென்று கொதிக்கும். மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் சுகமாகவே இருந்தது. குதித்துக்கொண்டு கீழே ஓடி வந்து குழாயைத் திறந்தால், அதே கோழி உரிக்கும் தண்ணீர்.

எனக்குக் கோபத்தில் மூளை வேலை செய்யும். குழாயைத் திறந்தே விட்டுவிட்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். அரை வாளி வரைக்கும் கொதித்தது, பிறகு சட்டென்று தணிந்தது. அப்படியென்றால் சூடாவது தொட்டி மட்டும் இல்லை. தொட்டியிலிருந்து பார்லர் வரைக்கும் குழாயில் நிற்கிற அந்த அரை வாளியும்தான். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய், மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் முழுக்க ஓடி, வடக்கே திரும்பி, அதையும் முழுக்கச் சுற்றி, அப்புறம்தான் பார்லருக்கு இறங்குகிறது. நாள் முழுக்கத் தளத்தின் மேல் வெயிலில் கிடக்கிறது.

பிளம்பரை வரச் சொன்னேன். குழாய் நெடுகக் கறுப்பு ஃபோம் உறை மாட்டி, வெயிலில் அது உதிராமல் இருக்க மேலே டேப்பும் சுற்றினார். அடுத்தடுத்து ஆள் வந்த நாளில் நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் யாரும் வராவிட்டால் மறுபடியும் சூடு. உறை போட்டால் சூடு தாமதமாக ஏறும், ஏறாமல் போகாது. சும்மா நிற்கிற கொஞ்சத் தண்ணீர் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும்? "அக்கா, தொட்டி பக்கத்துலயே படிக்கட்டு ரூம்பு கீது. அந்தச் செவுத்துல எறக்கி, சாமி ரூம்பு கூரைக்கு அடியில இட்டாந்தா நேரா உங்க கொழாய். வெயிலே படாது" என்றார் பிளம்பர். "வீடு கட்டும்போதே சொன்னேன், சார்தான் வேணாம்னுட்டாரு."

சார் இப்போதும் வேண்டாம் என்றார். "சாமி தலைக்கு மேல குளிக்கிற தண்ணி போவுறதா?"

"இன்னும் யாரும் குளிக்கலைங்க. தொட்டித் தண்ணிதானே? சாமிக்குச் சொம்புல வெக்கிறதும் அதே தண்ணிதான்."

"அது வேற, இது வேற" என்று எழுந்து போய்விட்டார். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைச் சாயம் போடும் நாள். அதை வெளியே சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே உங்களோடு இருக்கட்டும். வழக்கமாகக் காலையிலேயே முடித்துவிடுவேன். அன்று சமையல், துணி என்று இழுத்து மத்தியானத்துக்குத் தள்ளினேன். உறையையும் முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தேன். சாயம் ஊறியதும் நாற்காலியில் சாயச் சொல்லி, வடிக்காமல், மறக்காமல், திறந்தேன்.

மனிதர் துள்ளி எழுந்ததில் சாயம் கண்ணாடி வரைக்கும் தெறித்தது. "தண்ணியா இது!"

"வெதுவெதுன்னு இல்லைங்க?"

தலை சொட்டச் சொட்டத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "மாடி பூரா ஒரே வெக்கையா கீது. சாமிக்கும் கஷ்டந்தானே, கீழ ஹாலுக்கு எறக்கிடலாம்" என்றார். ஒரு தளம் கீழே இருந்தால் தலைக்கு மேல் என்ற கணக்கில் வராதாம். நல்ல நேரம் பார்த்துச் சாமி படங்கள் கீழே வந்தன, குழாய் உள்ளே வந்தது. காற்று அடைக்காமல் இருக்க ஒரே சீராகச் சரித்து இறக்கினார் பிளம்பர். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வெளியே தெரிகிற துண்டுக்கு மட்டும் பழைய ஃபோமை மாட்டினோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், அதே உச்சி வெயிலில் ஆட்டோவிலிருந்து அந்த அக்கா முதலில் இறங்கினார். மணப்பெண் பின்னால் வந்தாள். அக்கா நேராக நாற்காலியிடம் போய் அவரே குழாயைத் திறந்து கையை நீட்டினார். கையை எடுக்கவே இல்லை. மறு கையையும் நீட்டினார். முகத்தில் இரண்டு வாரித் தெளித்துக்கொண்டார்.

"பொண்ணுக்குத் தலை கழுவட்டுமா அக்கா?" என்றேன்.

"அவ ஒக்காரட்டும், ஜல்தி ஒண்ணுமில்ல" என்று அவரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தலையில் தண்ணீரை விட்டேன். நன்றாக அலசி முடித்துக் குழாயின் மேல் கை வைத்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மூடாதடி. இன்னுங் கொஞ்ச நேரம் வுடு."